முழங்கால் மாற்று அறுவைக்குக் கையெழுத்துப் போடும் முன்

வணக்கம் அம்மா,

வலது முழங்காலை மாற்றிவிடலாம் என்று நீங்களும் உங்கள் மகனும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் சேரும் அன்று நர்ஸ் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டுவார். வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த நேரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அதனால் அதில் இருப்பதையும், அதில் இல்லாத ஒன்றிரண்டையும் உங்கள் காலுக்கும் உங்கள் உடம்புக்கும் பொருத்தி இப்போதே எழுதுகிறேன். மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரிதான்.

இது அவசர ஆபரேஷன் இல்லை. இன்றே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை மூட்டுத் தேய்மானத்தில் வராது. மூன்று நான்கு மாதம் தள்ளிப்போனாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் உங்களைத் தொடர்ந்து பார்ப்பேன்.

உங்கள் நிலைமை இதுதான். வயது 67, எடை 74 கிலோ. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் வலது முழங்காலின் உள்பக்கம் இடைவெளியே இல்லை, எலும்பும் எலும்பும் ஒட்டி நிற்கின்றன. கால் வெளிப்பக்கமாக வில் போல் வளைந்திருக்கிறது. இடது காலிலும் தேய்மானம் உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை. சில பேருக்கு இடுப்பு மூட்டோ முதுகெலும்போ கெட்டிருக்கும், வலி மட்டும் முழங்காலில் தெரியும். அவர்களுக்கு முழங்காலை மாற்றினால் வலி அப்படியே இருக்கும். உங்கள் இடுப்பை மடக்கிச் சுழற்றிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆக, வலி வருவது முழங்காலில் இருந்துதான்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்கிறோம்? மாற்று என்ற சொல்லைக் கேட்டு முழங்காலையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சொத்தைப் பல்லைச் சீவிவிட்டு மேலே கேப் போடுவது மாதிரியான வேலை இது. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்துபோன பரப்பை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, இரண்டுக்கும் உலோக மூடி பொருத்துகிறோம். நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தட்டு ஒன்று. இனி தேய்வது அந்தத் தட்டுதான். சுற்றியுள்ள தசை, நரம்பு, தோல் எல்லாம் உங்களுடையதே. வலி உண்டாக்கிய பரப்பு போய்விடுகிறது, வளைந்த காலும் நேராகிறது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்கிறோம். ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இதில் கிடைக்கும் முதல் பலன் வலி குறைவது. இரவில் எழுப்பும் வலி, கடைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு விடவைக்கும் வலி, இவைதான் நன்றாகக் குறையும். பொருத்திய மூட்டும் நீண்ட நாள் உழைக்கும். 2019ல் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 100 மூட்டுகளில் சுமார் 82 மூட்டுகள் 25 ஆண்டுகள் வரை மறு ஆபரேஷன் இல்லாமல் இருந்தன. 67 வயதில் பொருத்தினால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அது ஒன்றே போதும். இதே ஆபரேஷனை 50 வயதில் ஒருவர் கேட்டால் நான் இழுத்தடிப்பேன், அவருக்கு இரண்டாவது முறையும் செய்ய வேண்டி வரலாம்.

இனி, படிவத்தில் இல்லாத விஷயம். ஆபரேஷன் ஒழுங்காக முடிந்து, எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருந்து, சீழ் எதுவும் பிடிக்காமல் இருந்தும், ஐந்து பேரில் ஒருவர் அளவுக்கு வலி தொடர்கிறது என்றோ எதிர்பார்த்த அளவு இல்லை என்றோ சொல்கிறார்கள். நல்ல ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான். என்னைக் கேட்டால், உயிர் ஆபத்தைவிட நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் நடக்க வாய்ப்பு அதிகம் இதற்குத்தான். எக்ஸ்ரேயில் தேய்மானம் குறைவாகவும் வலி மட்டும் அதிகமாகவும் இருப்பவர்கள், உடம்பு முழுக்க வலி உள்ளவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் இந்த ஐந்தில் ஒருவராக ஆக வாய்ப்பு அதிகம். உங்களுக்குத் தேய்மானம் முற்றிவிட்டது, வலியும் அந்த ஒரு இடத்தில்தான். அந்த வகையில் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது.

ஆனால் இன்னொரு வகையில் சாயவில்லை. ஆபரேஷன் முடிந்தால் தரையில் உட்கார்ந்து பூஜை செய்யலாமா, பழைய வீட்டுக் கழிவறையில் குத்தவைத்து உட்காரலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அதை நம்பி இந்த ஆபரேஷனுக்கு வராதீர்கள். மாற்றிய முழங்கால் சாதாரணமாக 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலியில் உட்கார்ந்து எழவும் படி ஏறவும் பஸ்ஸில் ஏறவும் அது தாராளமாகப் போதும். குத்தவைக்க 130 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்குகிறதோ அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும்; உங்கள் வலது கால் இப்போது 105 டிகிரியில் நின்றுவிடுகிறது. மண்டியிடுவதும் பலருக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. மூட்டு கெட்டுவிடாது, ஆனால் தழும்பு அழுந்தி உறுத்தும். அதனால் நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும், வெஸ்டர்ன் டாய்லெட்டும் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வைக்கும் வேலையை மகனிடம் சொல்லி இப்போதே தொடங்கிவிடுங்கள். அது இந்த வலிக்கும் நல்லது.

சரி, சிக்கல்களுக்கு வருவோம். உங்களைப் பொறுத்தவரை முதலிடம் மூட்டுக்குள் கிருமி பிடிப்பதற்குத்தான். பொதுவாக நூறு பேரில் ஒன்று இரண்டு பேருக்கு இது வருகிறது. எண்ணிக்கையில் சிறியதுதான், வந்துவிட்டால் பெரிய அவதி. உலோகத்தின் மேல் கிருமி ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும், மாத்திரையோ ஊசியோ உள்ளே போய்ச் சேராது. சீக்கிரம் தெரிந்தால் மறுபடி திறந்து கழுவி, பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்றிப் பார்ப்போம். தாமதமாகிவிட்டால் பொருத்திய மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்டை இடையில் வைத்து, சில வாரங்கள் கிருமிக்கு மருந்து கொடுத்து, அதன் பிறகு புது மூட்டு வைக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று ஆபரேஷன் ஆகிவிடும்.

சர்க்கரை கூடுதலாக இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. லேப் சீட்டில் எச்பிஏ1சி என்று இருப்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை. உங்களுக்கு அது 8.6. ஏழரைக்குக் கீழே, அதிகம் போனால் எட்டுக்குக் கீழே வராமல் நான் தேதி தருவதில்லை. உங்கள் மகன் இந்த மாதமே வேண்டும் என்றார், லீவு கிடைத்திருக்கிறதாம். லீவுக்காக இந்த எண்ணை விட்டுக்கொடுக்க முடியாது. எண் இறங்கக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கிருமிக்கு வேறு வாசல்களும் உண்டு. குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருக்கிறது, அதைக் கவனியுங்கள். ஆடும் கடைவாய்ப் பல்லை எடுத்துவிடுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால் சொல்லுங்கள். கடைசி மூன்று மாதத்தில் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அந்த இடைவெளி கடக்காமல் நாங்கள் கத்தி வைப்பதில்லை. முட்டியைச் சுற்றிய முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம், சின்னக் கீறல்கூட வேண்டாம்.

அடுத்தது ரத்தக்கட்டி. காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு பிரிந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்கவைக்கிறோம், ரத்தம் உறையாமல் இருக்க சில வாரங்களுக்கு மருந்து தருகிறோம். கண்டிப்பு காட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மாரடைப்பு, ரத்தக்கட்டி எல்லாம் சேர்த்து, முதல் மூன்று மாதத்தில் இறப்பவர்கள் ஆயிரத்தில் சுமார் மூன்று பேர். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடும். உங்களுக்கு எக்கோ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூட்டு இறுகிப்போவது இன்னொன்று. வலிக்குப் பயந்து முதல் ஆறு வாரம் மடக்காமல் இருந்தால் உள்ளே தழும்பு கட்டி, கால் 70, 80 டிகிரியிலேயே நின்றுவிடும். அப்போது மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிவரும். நீட்டுவதும் மடக்குவதைப் போலவே முக்கியம். வீட்டில் எல்லோரும் அன்பாக முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். வைக்க விடாதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் கால் பாதி மடங்கிய நிலையிலேயே பழகிவிடும், பிறகு நொண்டி நடக்க வேண்டியதுதான். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில்.

தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்துப்போவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நரம்பு அடிபட்டுப் பாதம் தூக்க முடியாமல் போவது, பெரிய ரத்தக்குழாய் கிழிவது, எலும்பு முறிவது ஆகியவை அரிது. நடந்தால் அந்த இடத்திலேயே அதற்கான சிகிச்சை செய்வோம்.

இரண்டு காலையும் ஒரே தடவையில் முடித்துவிடலாமே, ஒரே செலவு, ஒரே வலி என்று மகன் கேட்டார். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்குச் செய்கிறோம்தான். உங்களுக்குச் செய்யமாட்டேன். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது ரத்த இழப்பு கூடும், இதயத்தின் சுமையும் ரத்தக்கட்டி ஆபத்தும் கூடும். சர்க்கரை, பிரஷர் உள்ள உடம்பை அதில் இறக்க வேண்டியதில்லை. அதோடு, வலது கால் நேராகி பலம் வந்தபின் இடது கால் தாங்கும்படி ஆகிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

செய்துகொள்ளாவிட்டால் என்ன வழி? இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஒழுங்காகச் செய்துபார்க்காமலே அதெல்லாம் பயன் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். டென்மார்க்கில் ஆபரேஷனுக்குத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தி 2015ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு மூட்டு மாற்றி, கூடவே 12 வாரம் உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, செருப்புக்குள் வைக்கும் உள்ளடி, தேவையானால் வலி மாத்திரை. மறு பாதிக்கு ஆபரேஷனைத் தவிர மற்ற அத்தனையும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே சமயம் கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் பல மடங்கு அதிகம். ஆபரேஷன் செய்யாதவர்களிலும் பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வலி குறைந்தது, அந்த ஒரு வருடத்தில் அவர்களில் நாலில் ஒருவர்தான் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்.

இதை எடுத்துக்கொண்டு உங்கள் கதைக்கு வருகிறேன். சர்க்கரை இறங்க எப்படியும் மூன்று மாதம் காத்திருக்கப் போகிறீர்கள். அந்த மூன்று மாதத்தை இதற்குக் கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரும் தொடைப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு முறை அவர் முன்னாலும், மற்ற நாள் வீட்டிலும் செய்யுங்கள். எடையில் நாலு கிலோ குறைந்தால் போதும். ஒரு கிலோ குறையும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. கைத்தடியை இடது கையில் பிடியுங்கள், வலிக்கிற கால் பக்கம் அல்ல. இப்போது தவறான கையில் பிடிக்கிறீர்கள். வலிக்கு மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் உங்கள் சிறுநீரகத்துக்கு மாத்திரையைவிடப் பாதுகாப்பு. கடைக்காரர் கொடுக்கும் வலி மாத்திரையை தினமும் போடாதீர்கள். பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் சூரணம், மாத்திரை எதுவானாலும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், வலி பறந்துவிடும், சர்க்கரை எகிறிவிடும்.

மூன்று மாதம் கழித்து இரவில் தூங்க முடிகிறது, கடைக்குப் போய்வர முடிகிறது என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். முடியவில்லை என்றால் ஒன்றும் வீண் இல்லை, பலம் ஏறிய தொடையோடும் இறங்கிய சர்க்கரையோடும் ஆபரேஷனுக்கு வருவீர்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், சர்க்கரையைச் சில நாள் ஏற்றும். மூட்டுக்குள் போடும் ஜெல் ஊசிக்கு ஆகும் செலவுக்குத் தகுந்த பலன் முற்றிய தேய்மானத்தில் இல்லை. துளை போட்டுக் கழுவிவிடும் ஆபரேஷன் தேய்மானத்துக்குப் பயன் தருவதில்லை. 2002ல் அமெரிக்காவில் சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. உள்பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு சிறிய ஆபரேஷன், சீக்கிரம் நடக்கலாம். ஆனால் உங்களுக்கு முழங்கால் சில்லின் பின்பக்கமும் தேய்ந்து கால் மிக வளைந்திருப்பதால் நான் பரிந்துரைக்கவில்லை. எலும்பை வெட்டிக் காலை நிமிர்த்தும் ஆபரேஷன் வயது குறைந்தவர்களுக்கு.

விளம்பரத்தில் வரும் தங்க நிற மூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது தங்கம் இல்லை, உலோகத்தின் மேல் ஒரு பூச்சு. உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குச் சாதாரண கோபால்ட் குரோமியத்தைவிட அதிக நாள் உழைக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. ரோபோ வைத்துச் செய்வது வெட்டும் கோணத்தைத் துல்லியமாக்கும். அதனால் நோயாளிக்கு வலி கணிசமாகக் குறைகிறது என்று இதுவரை உறுதியாகவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உதிரிகளுக்கு விலை வரம்பு கொண்டுவந்தது. எனவே பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லி மகன் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

தேதி குறித்தால் மாத்திரைகளில் ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் சீட்டில் இருக்கும் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும், சர்க்கரை அளவு மட்டும் ஒழுங்காகக் காட்டி நம்மை ஏமாற்றும். அதற்குப் பதில் என்ன என்று உங்கள் சர்க்கரை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். மற்ற எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகு முட்டி சூடாகவும் வீங்கியும் மூன்று நாலு மாதம் இருக்கும், அது சகஜம். ஒரு வாரத்துக்குப் பிறகும் காயத்தில் நீர் கசிந்தால், குறைந்துவந்த வலி திடீரென்று ஏறினால், குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே எங்களைக் கூப்பிடுங்கள். பக்கத்துத் தெருவில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள். மூட்டில் இருந்து நீர் எடுத்து எந்தக் கிருமி என்று பார்ப்பதற்குள் மருந்து அதை ஒளித்துவிடும், எங்களுக்குக் கண்ணைக் கட்டியது போலாகிவிடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றே வாருங்கள். மூச்சு வாங்கினால் எங்களுக்குப் போன் செய்து காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், கடையில் வாங்கியதையும் சேர்த்து. கூடவே ஒரு தாளில், வலி போனால் நீங்கள் செய்ய நினைக்கும் மூன்று காரியங்களை மருமகளிடம் சொல்லி எழுதி வாருங்கள். எது நடக்கும், எது நடக்காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். கையெழுத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் எலும்பு மூட்டு மருத்துவர்